காணி எழுதிக் கொடுத்த பிறகு கைவிட்ட பிள்ளை: வன்னியில் எந்தக் கதவைத் தட்டுவது?

தமிழ்நாட்டுச் செய்திகள் இப்போது எங்கள் கைப்பேசிக்கு உடனுக்குடன் வந்துவிடுகின்றன. பெற்றோரைப் பார்க்காத மகனுக்கு எழுதிய சொத்தை அதிகாரி ரத்துச் செய்தார் என்ற செய்தியைப் பார்த்துவிட்டு, பிரதேச செயலகத்துக்கு வந்து "எனக்கும் அப்பிடிச் செய்து தாங்கோ தம்பி" என்று கேட்கும் அம்மாமாரும் ஐயாமாரும் வன்னியில் குறைவில்லை. அந்தச் செய்தி பொய்யில்லை. இந்தியாவில் 2007 ஆம் ஆண்டு வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23 ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பார்க்காமல் விட்டால், அந்த எழுத்தைச் செல்லாது என்று தீர்ப்பாயமே அறிவிக்கலாம். அந்தத் தீர்ப்பாயத்தில் இருப்பவர் கோட்டாட்சியர் தரத்து அதிகாரி. நிபந்தனை இருந்ததா இல்லையா என்பதில் அங்கேயும் பெரிய இழுபறி உண்டு. நிபந்தனை இருக்கவேண்டியது கட்டாயம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2022 இல் இறுக்கமாகச் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பு, முதியவருக்கு உதவும் வகையில் இந்தச் சட்டத்தைத் தாராளமாக வாசிக்கவேண்டும் என்றது.

ஆனால் அது அந்த நாட்டுச் சட்டம். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ இருக்கிற காணிக்கு அது ஓடாது. எங்களுக்கு இருப்பது 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். 60 வயதைத் தாண்டியவர், தன்னைத் தானே பராமரிக்க வழியில்லாதவர், தன் பிள்ளைகளில் ஒருவரிடமோ பலரிடமோ பராமரிப்புப் பணம் கேட்டு, அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த முதியோர் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். சபையால் மாதப் பணம் கட்டச் சொல்ல முடியும். உறுதியை ரத்துச் செய்ய முடியாது, காணியைத் திருப்பித் தரவும் முடியாது. இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரு வருஷம் சபைக் கடிதத்துக்குக் காத்திருந்துவிட்டு, அதற்குள் காணி வேறு ஆளின் கைக்குப் போய்விட்டால் அது பெரிய இழப்பு.

ஆகவே தெரிவு செய்ய வேண்டியது, பணமா, காணியா, இருக்க இடமா என்பதை. மூன்றுக்கும் வேறு வேறு கதவுகள். காணி என்றால், முதலில் பார்க்கவேண்டியது பிள்ளைக்கு என்ன கடதாசி கொடுத்தீர்கள் என்பது.

ஒரு உதாரணத்தை வைத்துப் பேசினால் விளங்கும். முரசுமோட்டையில் 72 வயது அம்மா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். கணவர் இல்லை. அவர் பேரில் இரண்டு காணிகள். ஒன்று இரணைமடுத் தண்ணீர் பாயும் இரண்டு ஏக்கர் வயல், அது அரசாங்கப் பெர்மிட் காணி. தனக்குப் பிறகு காணி போகவேண்டிய பின்னுரித்தாளராக மூத்த மகனின் பேரைப் பதிந்திருக்கிறார். வயலை மகன்தான் செய்கிறார். மற்றது பரந்தன் பக்கம் அரை ஏக்கர் உறுதிக்காணி, அதில் வீடு. 2019 இல் "நீங்கள் இருக்கும்வரை நான் பார்ப்பேன்" என்ற மகனின் வாய்ச்சொல்லை நம்பி, நன்கொடை உறுதி எழுதிக் கொடுத்துவிட்டார். தான் இருக்கும்வரை அங்கே இருந்து பயனெடுக்கிற சீவிய உருத்து எதுவும் தனக்கென்று வைக்கவில்லை. போன மாதம் மருமகளோடு வந்த சண்டையில் மகன் கதவைப் பூட்டிவிட்டார். அம்மா இப்போது புதுக்குடியிருப்பில் மகளின் வீட்டில். இன்னொரு மகன் கனடாவில்.

இந்த அம்மாவுக்கு முதலில் பார்க்கவேண்டியது பராமரிப்புப் பணமும் அல்ல, உறுதியும் அல்ல. நாட்கணக்கு. வீட்டை விட்டு வெளியேற்றப்பட்ட நாளிலிருந்து இரண்டு மாதம் முடியுமுன் நீதிமன்றத்துக்குப் போனால் ஒரு வழி உண்டு, பிந்தினால் அது மூடிவிடும். 1979 ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவு அது. காணிப் பிரச்சினையால் சமாதானம் குலையும் ஆபத்து இருந்தால் பொலிஸ் அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம், பாதிக்கப்பட்டவரும் சத்தியக் கடதாசியோடு நேரடியாகப் போகலாம். வழக்கு வைக்கப்பட்ட திகதிக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் ஒருவர் பலவந்தமாக வெளியேற்றப்பட்டார் என்று நீதிபதி கண்டால், அவரைத் திரும்ப ஆட்சியில் விடக் கட்டளையிடலாம். இங்கே யாருடைய பேரில் உறுதி என்பதைப் பெரிதாகப் பார்ப்பதில்லை, யார் அங்கே இருந்தார் என்பதைத்தான் பார்ப்பார்கள். அதனால் உறுதி மகனின் பேரில் இருந்தாலும் அம்மா கேட்டுப் பார்க்கலாம். ஆனால் இது நிரந்தரத் தீர்வல்ல. உரிமை யாருக்கு என்பதை மாவட்ட நீதிமன்றம் தீர்க்கும்வரை இருக்க இடம் தருகிற தீர்வு.

பக்கத்திலேயே இன்னொரு வழி, 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். கணவன் மனைவிக்கு மட்டுமான சட்டம் இது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. தாயும் தகப்பனும் பிள்ளைக்கு எதிராக நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அடி மட்டும் அல்ல, தொடர்ச்சியான கொடுமையான, அவமானப்படுத்துகிற நடத்தையும் இதில் வரும். விசாரணை முடியுமுன்னரே இடைக்காலக் கட்டளை கிடைக்கலாம். வீட்டுக்குள் வரவிடாமல் தடுக்கக் கூடாது என்றும் மன்றம் கட்டளையிடலாம். இறுதிக் கட்டளை 12 மாதம் வரைக்கும்.

இரண்டில் எது என்றால், அடி உதை, மிரட்டல், சாப்பாடு கொடுக்காமல் வைத்த கதை எல்லாம் இருந்தால் நான் வீட்டு வன்முறைச் சட்டத்தைத்தான் முதலில் சொல்வேன். காணியைப் பற்றி வாதாடாமலே பாதுகாப்புக் கிடைக்கும். வெறும் பூட்டுத்தான் பிரச்சினை, வன்முறை இல்லை என்றால் 66 ஆம் பிரிவு. எதுவானாலும், பொலிஸில் முறைப்பாடு போட்டு அதன் பிரதியை எடுத்து வையுங்கள். முறைப்பாட்டில் "மகன் என்னைப் பார்க்கிறானில்லை" என்று மட்டும் எழுதிவிட்டால் பிறகு அது கைகொடுக்காது. எந்தத் திகதி, எத்தனை மணிக்கு, யார் பூட்டினார்கள், அன்று இரவு எங்கே படுத்தீர்கள், யார் கண்டார்கள் என்பது அதில் இருக்கவேண்டும். இரண்டு மாதக் கணக்கு அந்தத் திகதியில்தான் நிற்கிறது.

சரி, இப்போது காணிக்கு வருவோம். வயலும் வீடும் ஒரே மகனிடம் போனாலும், சட்டத்தில் இவை இரண்டும் இரண்டு உலகம்.

வயல், 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட பெர்மிட் காணி. வன்னியில் குடியேற்றத் திட்டக் காணிகளில் பெரும்பகுதி இப்படித்தான். இந்தக் காணியை பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான அனுமதியில்லாமல் யாருக்கும் கைமாற்ற முடியாது. அனுமதியில்லாமல் செய்த கைமாற்றம் செல்லாது. ஊரில் பலர், சமாதான நீதவானிடம் கடிதம் ஒன்று எழுதிக் கையெழுத்து வைத்து "காணி குடுத்திட்டன்" என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். அப்படிக் கடிதம் கொடுத்தவர்களில் அநேகர் உண்மையில் காணியை இழக்கவே இல்லை. பெர்மிட் இன்னும் அவர்களின் பேரிலேயே இருக்கும்.

பின்னுரித்தாளரைப் பதிந்ததும் காணியைக் கொடுத்ததாகாது. தான் இறந்த பிறகு யாருக்கு என்பதைத்தான் அது சொல்கிறது. உயிரோடு இருக்கும்போது அம்மா அதை ரத்துச் செய்து வேறு பிள்ளையின் பேரை வைக்கலாம், மகனின் சம்மதம் அதற்குத் தேவையில்லை. ஆனால் கவனிக்கவேண்டிய நுணுக்கம் ஒன்று இருக்கிறது. ரத்துச் செய்கிற பத்திரம் அம்மா இறக்கிறதுக்கு முன் பதிவாகியிருக்க வேண்டும். பத்திரத்தில் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டு, "எடுத்துக்கொண்டார்கள், பார்த்துக்கொள்வார்கள்" என்று வீட்டுக்குப் போனால், பதிவாகாமல் கிடந்து கடைசியில் பழைய பேரே நிற்கும். பிரதேச செயலகத்தில் பத்திரத்தைக் கொடுத்த பிறகு, பதிவான இலக்கத்தோடு ஒரு பிரதி கைக்கு வரும்வரை விடாதீர்கள். போரில் பெர்மிட் தொலைந்துபோனவர்கள், செயலகத்துக் காணிப் பேரேட்டில் யார் பேர் இருக்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும். சில நேரம் அந்தப் பேரேடுதான் ஒரே ஆதாரம்.

இதில் ஒரு விதிவிலக்கு வன்னிக்கே உரியது, நெஞ்சு பொறுக்காத விஷயம். மீள்குடியேறிய காலத்தில் வீட்டுத்திட்டங்கள் வந்தபோது, காணி பிள்ளையின் பேரில் இருந்தால்தான் அந்தக் குடும்பத்துக்கு வீடு என்று, பெற்றோர் பெர்மிட்டை விட்டுக்கொடுத்துப் பிள்ளையின் பேருக்கு மாற்றுவித்தார்கள். அது அனுமதியோடு நடந்த முறையான மாற்றம். அங்கே பின்னுரித்து ரத்து என்கிற வழி இல்லை. கடதாசிகளைப் பார்க்கிறபோது இதைத்தான் முதலில் தெளிவாக்கவேண்டும்: பெர்மிட்டின் பேர் மாறியதா, அல்லது பின்னுரித்தாளர் பேர் மட்டும்தான் எழுதப்பட்டதா?

இன்னொரு எச்சரிக்கை. பெர்மிட்டில் நிபந்தனைகள் உண்டு, காணியை நீங்களே பயன்படுத்தவேண்டும், குத்தகைக்கு விடக்கூடாது என்ற மாதிரி. "வயலை மகனுக்குக் கொடுத்துவிட்டேன், அவன்தான் ஆள்கிறான்" என்று கோபத்தில் மனுவில் எழுதினால், அது உங்களுக்கே எதிராகத் திரும்பக்கூடும். உண்மையில் அங்கே நடந்தது குடும்ப உழைப்பு என்றால், அதை அப்படியே எழுதவேண்டும்.

வீட்டுக்காணியின் கதை வேறு. நன்கொடை உறுதி என்றால், பெற்றவர் கொடுத்தவருக்குப் பாரதூரமான நன்றிகேடு செய்தால், கொடுத்தவர் ரத்துக் கேட்கலாம் என்பது இந்த நாட்டில் ரோமன் டச்சுச் சட்டம் வழியாக வந்த விதி. முன்னர் சிலர் நொத்தாரிசிடம் போய் தாமாகவே ரத்து உறுதி எழுதிவிடுவார்கள். 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் அந்தப் பழக்கத்தை நிறுத்தியது. மீளப்பெற முடியாத நன்கொடையை இந்தக் காரணத்துக்காக ரத்துச் செய்ய மாவட்ட நீதிமன்றத்தின் கட்டளை வேண்டும், வேறு வழியில்லை. அதற்குக் காலவரையறையும் உண்டு. "இன்னும் கொஞ்சம் பார்ப்போம், மனம் மாறும்" என்று காத்திருக்கிறவர்களுக்கு நான் சொல்வது, காத்திருங்கள், ஆனால் சட்டத்தரணியிடம் உறுதியைக் காட்டி, கடைசித் திகதியைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு காத்திருங்கள்.

பாரதூரமான நன்றிகேடு என்பது பேச்சுவார்த்தையில்லாமல் இருப்பதோ, பெருநாளுக்கு வராமல் இருப்பதோ அல்ல. கை வைத்தது, ஊரார் முன் கேவலமாகப் பேசியது, வருத்தத்தில் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோகாமல் விட்டது, வீட்டை விட்டுத் துரத்தியது என்ற அளவில் இருக்கவேண்டும். சொல்வது ஒன்று, நிரூபிப்பது வேறொன்று. பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, கிளினிக் கொப்பி, கிராம அலுவலரின் கடிதம், கண்ட அயலவரின் சாட்சி, இவைதான் அந்த வழக்கைத் தாங்கும்.

வழக்கு வைத்த அன்றே செய்யவேண்டிய ஒரு வேலை, வழக்கைக் காணிப் பதிவகத்தில் பதிவது. லிஸ் பென்டன்ஸ் என்று சட்டத்தரணிகள் சொல்வது அதைத்தான். அது பதியாமல் இருக்கும்போது மகன் காணியை வேறு ஆளுக்கு விற்றுவிட்டால், ஒன்றும் தெரியாமல் காசு கொடுத்து வாங்கியவரிடமிருந்து காணியைத் திரும்ப எடுப்பது பெரும்பாடு.

உறுதியின் தலைப்பையும் வாசியுங்கள். முத்திரைச் செலவோ வேறு வசதியோ பார்த்து நன்கொடைக்குப் பதிலாக விலை உறுதி எழுதியிருப்பார்கள், காசு ஒரு சதமும் கைமாறியிருக்காது. விலை உறுதிக்கு நன்றிகேட்டு வழக்கு ஓடாது. அங்கே, உண்மையில் காணியின் பயனை விட்டுக்கொடுக்கும் எண்ணமே எனக்கு இருக்கவில்லை, மகன் எனக்காக நம்பிக்கையில் வைத்திருக்கிறான் என்று நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83 ஆம் பிரிவின்படி வாதாடவேண்டும். உறுதி எழுதின பிறகும் நீங்கள்தான் அங்கே இருந்தீர்கள், தேங்காய் பறித்துப் பயன் எடுத்தீர்கள், வரி கட்டினீர்கள் என்பதெல்லாம் இங்கே ஆதாரம். மகளுக்குக் கல்யாணத்துக்காக எழுதிய சீதன உறுதியில் இன்னொரு சிக்கல், அது வெறும் நன்கொடை அல்ல, கல்யாணத்துக்குப் பிரதியாகக் கொடுத்தது என்று எதிர்த்தரப்பு முதலாவதாக அதைத்தான் பிடிக்கும்.

இனி பராமரிப்புச் சபை. காணியை எடுத்துத் தராது என்று சொன்னேன், அதற்காக அதைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. உறுதி வழக்கு வருஷக்கணக்கில் போகலாம், அம்மாவுக்கு இந்த மாதம் மருந்து வேண்டும். சபைக்கு வழி, பிரதேச செயலகத்தில் இருக்கிற முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர். முதியோருக்கான தேசிய செயலகம் இருப்பது பத்தரமுல்லையில். அதனால் விண்ணப்பத்தைக் கொடுக்கும்போதே விசாரணை எங்கே நடக்கும், அம்மா கொழும்புக்கு வரவேண்டுமா, தமிழில் பேசலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரவு பஸ்ஸில் உட்கார்ந்து போக முடியாத ஆளுக்கு இது சின்ன விஷயமல்ல.

விண்ணப்பத்தில் கோருகிற தொகைக்குக் கணக்கு இருக்கவேண்டும். எங்கள் அம்மாவுக்கு ஒரு மாதத்துக்குச் சாப்பாட்டுக்கு 15,000 ரூபா, ஆஸ்பத்திரியில் கிடைக்காத மருந்துக்கு 4,000, கிளினிக் போய்வர 2,000, சவர்க்காரம், உடுப்பு, மற்றச் சில்லறைக்கு 3,000, எல்லாமாக 24,000 என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கணக்கையும், மருந்துச் சிட்டைகளையும், மகனின் கையில் வயலும் வீடும் இருப்பதையும் சேர்த்துக் காட்டினால் சபைக்குத் தீர்மானிக்க வசதி. "எவ்வளவு தந்தாலும் பரவாயில்லை" என்று போனால் எவ்வளவோ குறைவாகத்தான் வரும். மூன்று பிள்ளைகளின் பேரையும் வருமானத்தையும் எழுதவேண்டும். மகள் கூலி வேலை செய்கிறார் என்றால் அதையும் எழுதுங்கள், பாரம் அவர்மீது விழாமல் இருக்க அது உதவும். கனடாவில் இருக்கிற மகனுக்கு எதிராக இங்கே ஒரு கட்டளை எழுதி வாங்கினாலும் அதை அங்கே நிறைவேற்றுவது நடக்கிற காரியம் இல்லை. அவரிடம் கேட்பது குடும்பத்துக்குள் பேசவேண்டிய பேச்சு. பணத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லிக் கேளுங்கள். கையில் தந்தேன், தரவில்லை என்ற சண்டைக்கு இடமிருக்காது, நின்ற மாதம் வங்கிப் புத்தகத்திலேயே தெரியும்.

கணவன் மனைவி பராமரிப்பு வழக்குப்போல நீதவான் நீதிமன்றத்திலேயே பெற்றோருக்கும் கேட்கலாமே என்று சிலர் சொல்வார்கள். 1999 ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் வாழ்க்கைத் துணைக்கும் பிள்ளைகளுக்கும்தான், பெற்றோருக்கு இல்லை. அந்த மனுவோடு நாளை வீணாக்க வேண்டாம்.

இணக்க சபையைப் பற்றியும் ஒரு சொல். மகன் அங்கே வந்து உட்காரத் தயார், வெட்கம் இன்னும் மிச்சம் இருக்கிறது என்றால் அது நல்ல இடம். ஆனால் அங்கே போடுகிற இணக்கத்தில் "அம்மாவை நல்லபடி பார்ப்பேன்" என்று எழுதுவதில் அர்த்தமில்லை. எந்த அறை, மாதம் எவ்வளவு, எந்தத் திகதிக்கு, காணியை விற்கமாட்டேன் என்பதெல்லாம் எழுத்தில் வரவேண்டும். இணக்கப் பேச்சு நடக்கிறது என்பதற்காக அந்த இரண்டு மாதம் நின்று காத்திருக்காது என்பதையும் மறக்கக்கூடாது.

முரசுமோட்டை அம்மாவுக்கு நான் சொல்கிற ஒழுங்கு இதுதான். இந்தக் கிழமை பொலிஸ் முறைப்பாடு, பிறகு இரண்டு மாதம் முடியுமுன் நீதவான் நீதிமன்றத்தில் இருக்க இடத்துக்கான மனு. அதே கிழமை பிரதேச செயலகத்தில் வயலின் பின்னுரித்தை மாற்றுவது, இதற்குச் செலவு அதிகமில்லை, வாதாட்டமும் இல்லை. அப்புறம் முதியோர் உரிமை உத்தியோகத்தரிடம் பராமரிப்பு விண்ணப்பம். வீட்டு உறுதிக்கான வழக்கைக் கடைசியில்தான் வைக்கச் சொல்வேன். அது தேவையில்லை என்பதால் அல்ல. வயல் தன் கைக்கு வராது என்று மகனுக்குத் தெரிந்த பிறகு, வீட்டைப் பற்றி அவர் வேறு விதமாகப் பேசக்கூடும். ஆனால் மகன் காணியைக் காட்டிக் கடன் எடுக்கப்போகிறார், விற்கப்போகிறார் என்ற பேச்சு காதில் விழுந்தால் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கி, உறுதி வழக்கையும் பதிவகப் பதிவையும் முதலில் செய்யவேண்டும். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகங்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இருக்கின்றன. உறுதி, பெர்மிட், முறைப்பாட்டுப் பிரதி, கிளினிக் கொப்பி, அடையாள அட்டை எல்லாவற்றின் பிரதியையும் ஒரே கோப்பில் கட்டிக்கொண்டு போங்கள்.

இன்னும் எழுதிக் கொடுக்காதவர்கள் ஒன்றைச் செய்யலாம். நன்கொடை உறுதியில் உங்களுக்குச் சீவிய உருத்தை ஒதுக்கச் சொல்லி நொத்தாரிசிடம் கேளுங்கள். காணி பிள்ளையின் பேருக்குப் போகும், நீங்கள் இருக்கும்வரை அங்கே இருப்பதும் பயனெடுப்பதும் உங்கள் உரிமையாகவே இருக்கும். பெர்மிட் காணி என்றால் பேரை மாற்றாமல் பின்னுரித்தாளரை மட்டும் பதியுங்கள். "அதெல்லாம் என்னத்துக்கு அம்மா, நான் பார்க்கமாட்டேனா" என்று பிள்ளை சொன்னாலும், உறுதியை நொத்தாரிசு உரக்க வாசிக்கும்போது அந்த வரி வருகிறதா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.